சதுரத்துக்குள் வட்டம், மேலே பெருக்கல் குறி: மெஷினில் போடலாமா?

கேள்வி: ரேயான் குர்த்தி லேபிளின் போட்டோ போட்டிருக்கிறேன். மெஷின் படத்தை அடித்துவிட்டிருக்கிறார்கள். கையால்தான் துவைக்கணுமா?

பார்க்க ஃப்ரண்ட் லோடு மெஷின் மாதிரியே இருப்பதால் பலரும் ஏமாறுகிற படம் அது. சதுரம் என்றாலே காயவைப்பது. உள்ளே வட்டம் இருந்தால் சூடான காற்றில் சுழற்றி உலர்த்துவது. அதைத்தான் வேண்டாம் என்கிறார்கள். துவைப்பதற்கான படம் வரிசையில் முதலில் இருக்கும் தொட்டி. உங்களுடையதில் 30 என்று இருக்கிறது, அப்படியென்றால் மெஷினில் போடலாம். ஆனால் தொட்டிக்கு அடியில் எத்தனை கோடு என்று போட்டோவில் தெரியவில்லை. லேபிளை மடிப்பில்லாமல் நீவி, பக்கத்தில் வைத்து இன்னொரு படம் எடுங்கள்.

கேள்வி: 30 என்றால் முப்பது நிமிஷம்தானே? அடியில் கோடு இருந்தால் கைத்துவைப்பு என்று எங்கள் தையல்காரர் சொன்னார்.

நிமிஷம் இல்லை, தண்ணீரின் சூடு. 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. குழாய்த் தண்ணீரிலேயே துவைக்கிற வீட்டில் அந்த எண்ணைப் பற்றிப் பெரும்பாலும் கவலை வேண்டாம். தையல்காரர் சொன்னது பாதி சரி. கோடு மென்மையாகத் துவைக்கச் சொல்கிறது, இரண்டு கோடு மிக மென்மையாக. கைத்துவைப்புக்குத் தொட்டிக்குள் கை வரைந்திருப்பார்கள்.

கேள்வி: முதலில் கேட்டவள்தான். பார்த்துவிட்டேன், இரண்டு கோடு.

அப்போ டெலிகேட் மோடு, டிரம்மில் பாதிக்கும் குறைவான துணி, ஸ்பின் குறைவாக. ரேயான் நனைந்தால் அதன் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஜீன்ஸோடு சேர்த்துச் சுழற்றினால் முதலில் விட்டுப்போவது தையல் ஓரம்தான். நான் ஒரு சட்டையை அப்படித்தான் தொலைத்தேன். அப்புறம், ஈரத்தோடு முறுக்கிப் பிழியாதீர்கள்.

கேள்வி: எங்களுடையது செமி ஆட்டோமேட்டிக். டிரையரில் போடவே கூடாதா?

நாம் டிரையர் என்கிறோமே ஒழிய, அதில் சூடு கிடையாது. தண்ணீரைச் சுழற்றி வெளியேற்றும் ஸ்பின்னர்தான். சதுர வட்டத் தடை அதற்குப் பொருந்தாது. ஆனாலும் இரண்டு கோடு போட்ட துணிக்கு அரை நிமிஷத்துக்கு மேல் நான் விடமாட்டேன். சூடாக உலர்த்தும் வசதி உள்ள ஃப்ரண்ட் லோடு வைத்திருப்பவர்கள்தான் அந்த பட்டனைத் தொடக்கூடாது.

கேள்வி: கல்யாணப் பட்டுப்புடவைக்கு லேபிளே இல்லை. ஹேண்ட் வாஷ் மோடில் போடலாமா?

தொட்டிக்குள் கை போட்ட சில துணிகளை அந்த மோடில் துவைத்து நன்றாகவே வந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. மெஷினுக்கு மெஷின் மாறும். ஜரிகைப் பட்டை நான் எந்த மோடிலும் போடமாட்டேன், டிரை கிளீனிங்குக்குத்தான் கொடுப்பேன்.

கேள்வி: என் கோட் லேபிளில் வட்டத்துக்குள் P. பார்க்கிங்கா?

அது டிரை கிளீனிங் கடைக்காரருக்கு, எந்தக் கரைசல் என்று சொல்வது. நீங்கள் பார்க்க வேண்டியது தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருக்கிறதா என்பதை. இருந்தால் வீட்டில் நனைக்கவே வேண்டாம்.