பந்து பிள்ளையின் கையில் இருக்கட்டும்: நிலவின் வடிவம் பற்றிய கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு, கல்லடியில் இருக்கும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் தரும் பதில்கள்.

களுவாஞ்சிக்குடி, ஆரம்பப் பிரிவு ஆசிரியை: சேர், நான் வகுப்புக்கு முன்னால நின்று டோர்ச் அடிச்சு, பந்தைச் சுத்திக் காட்டினேன். பிள்ளைகள் "பந்து எப்பவும் பாதி வெளிச்சமாத்தானே இருக்கு, பிறை எங்க மிஸ்?" என்று கேட்கிறார்கள்.

உங்கள் பிள்ளைகள் கண்ணால் கண்டதைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். டோர்ச் வெளிச்சத்தில் பந்தின் ஒரு பாதி எப்போதும் வெள்ளை, மறுபாதி எப்போதும் கறுப்பு. நிலவும் அப்படித்தான். அந்த வெள்ளைப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் நாளுக்கு நாள் மாறுகிறது. அந்த மாற்றம் பூமியில் நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும். வாங்கில் இருந்து பார்த்த பிள்ளை பூமியில் இல்லை, அதற்கு வெளியே எங்கோ இருக்கிறது. அதற்குப் பிறை எப்படித் தெரியும்?

ஆகவே பந்தை நீங்கள் பிடிக்க வேண்டாம். பிள்ளை பிடிக்கட்டும், பிள்ளையின் தலைதான் பூமி. பந்து ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் அகலமான ரெஜிபோம் பந்தாக இருந்தால் நல்லது. ஒரு ஈர்க்கில் குத்திக் கொடுங்கள். பிங்பொங் பந்துக்குள் வெளிச்சம் ஊடுருவுவதால் கறுப்புப் பக்கமும் மங்கலாக ஒளிரும், பிள்ளை குழம்பிவிடும். ரெஜிபோம் கிடைக்காவிட்டால் களிமண்ணை உருட்டிக் காயவைத்துச் சுண்ணாம்பு பூசுங்கள். பளபளப்பான பிளாஸ்டிக் பந்து மட்டும் வேண்டாம், அதில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் மின்னும்.

வாழைச்சேனை, தரம் 6 ஆசிரியர்: வகுப்பில் அப்படியே சொல்லக்கூடிய மாதிரி எழுதித் தாங்க சேர். எனக்கு நாற்பது நிமிசம்தான்.

டோர்ச்சைப் பிள்ளையின் தலை உயரத்துக்கு ஒரு மேசைமேல் வைத்து அசையாமல் கட்டிவிடுங்கள். பிள்ளை அதிலிருந்து இரண்டரை மீற்றர் தள்ளி நிற்கட்டும். ஜன்னலை மூடுங்கள், சுவர் வெள்ளையென்றால் பிள்ளைக்குப் பின்னால் கறுத்தத் துணி ஒன்று தொங்கவிடுங்கள். இன்னொரு பிள்ளையை டோர்ச்சுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவன் சாட்சி.

ஆசிரியர்: உன்ட தலைதான் பூமி, மூக்கு இருக்கிற இடம் மட்டக்களப்பு. கையை நீட்டிப் பந்தைத் தலைக்குக் கொஞ்சம் மேல பிடி. டோர்ச் பக்கம் திரும்பு. வெளிச்சத்தை உத்துப் பார்க்காம, பந்தை மட்டும் பார். என்ன தெரியுது?

பிள்ளை: ஒண்டும் தெரியல்ல சேர். கறுப்பா இருக்கு.

ஆசிரியர் (சாட்சியிடம்): உனக்கு?

சாட்சி: எனக்கு முழுசா வெள்ளை!

ஆசிரியர்: அப்ப வெளிச்சம் எங்கேயும் போகல்ல, அங்கால பக்கம் இருக்கு. இது அமாவாசை. மறுகா, காலை அசைச்சு இடப்பக்கமா அரைக்கால் சுத்துத் திரும்பு. பந்தும் உன்னோட வரட்டும்.

பிள்ளை: வலது ஓரத்தில மெல்லிசா ஒரு கோடு வெள்ளையா வருது.

ஆசிரியர்: டோர்ச் உனக்கு எந்தப் பக்கம்?

பிள்ளை: அதுவும் வலப்பக்கம்.

இந்தக் கேள்வியை ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேளுங்கள். சூரியன் எந்தப் பக்கமோ வெள்ளையும் அந்தப் பக்கம் என்பதைப் பிள்ளை தானாகவே சொல்லத் தொடங்கும். இன்னொரு அரைக்கால் சுற்று, பாதி நிலவு. டோர்ச்சுக்கு முற்றாக முதுகு காட்டியதும் பௌர்ணமி. அதையும் தாண்டினால் வெள்ளை இடப்பக்கத்துக்கு மாறித் தேயும். ஒரு முழுச் சுற்றுக்கு இருபத்தொன்பதரை நாள், அரைக்கால் சுற்றுக்கு ஏறக்குறைய நாலு நாள் என்று சொன்னால் போதும்.

முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரு டோர்ச் வைத்து நாற்பது நிமிடத்தில் முடியாது. அறை நடுவில், பிள்ளைகளின் தலை உயரத்தில், மறைப்பு இல்லாத எல்ஈடி பல்ப் ஒன்றைத் தொங்கவிட்டு, எல்லோரையும் சுற்றி நிறுத்துங்கள். ஆளுக்கொரு களிமண் உருண்டை. எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பலாம்.

கல்முனை, ஒரு தகப்பன்: பூமிட நிழல் விழுந்துதான் நிலவு தேயுது எண்டு நான் மகனுக்குச் சொல்லிக் குடுத்தன். நிழல்தானே மறைக்குது, இதுல என்ன பிழை?

கறுப்புப் பகுதி சூரிய வெளிச்சம் படாத இடம், அது சரி. ஆனால் அந்த இருட்டு நிலவின் சொந்த இரவுப் பக்கம். பூமிக்கு அதில் பங்கில்லை. பாதி நிலவு தெரியும் நாளில் சூரியன் ஒரு பக்கம், நிலவு அதற்குச் செங்கோணத்தில் இன்னொரு பக்கம். பூமியின் நிழலோ சூரியனுக்கு நேர் எதிரே போகிறது. அது எப்படி நிலவில் விழும்?

மகனின் கையில் பந்தைக் கொடுத்து, டோர்ச்சுக்கு முதுகு காட்டச் சொல்லுங்கள். பந்து தலைக்கு மேலே இருக்கும்வரை முழு வெள்ளை. மெல்லத் தலை மட்டத்துக்கு இறக்கினால் தலையின் நிழல் வளைவாக வந்து பந்தைக் கடிக்கும். அதுதான் சந்திர கிரகணம். பௌர்ணமியில் மட்டும் நடக்கும், சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். பிறை அப்படியில்லை, வானத்தில் தெரியும் நேரம் முழுக்கப் பிறையாகவே இருக்கும்.

"அப்ப ஏன் மாதாமாதம் கிரகணம் வாறதில்ல?" என்று மகன் கேட்பான். இந்த விளையாட்டில் தலையும் பந்தும் ஓரளவு சரியான அளவுதான். பந்து 5 சென்ரிமீற்றர் என்றால் பூமி 18 சென்ரிமீற்றர், தலையும் கிட்டத்தட்ட அவ்வளவு. பொய் சொல்வது கையின் நீளம். உண்மையான அளவுக்குப் பந்து ஐந்தரை மீற்றர் தள்ளி இருக்க வேண்டும், வகுப்பறையின் அடுத்த மூலை வரைக்கும். நிலவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால் அந்தத் தூரத்தில் பந்து தலை மட்டத்துக்கு அரை மீற்றர் வரை மேலாகவோ கீழாகவோ போகலாம். அங்கே பூமியின் கரு நிழல் 13 சென்ரிமீற்றர் அகலம்தான். பெரும்பாலான மாதங்களில் தப்பிவிடும். பந்தைத் தலைக்கு மேலே பிடிக்கச் சொன்னதன் காரணமும் இதுதான். இல்லாவிட்டால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரகணம் காட்டி, நிழல் கதையை நாமே பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுவோம்.

திருக்கோவில், ஒரு தாய்: புத்தகத்தில பிறை நிமிர்ந்து நிற்குது. எங்கட வானத்தில தோணி மாதிரிக் கிடக்குது. எது சரி?

இரண்டும் சரி. அந்தப் படம் வடக்கே தூரத்து நாடுகளில் இருப்பவர் பார்ப்பது. நாம் பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே இருக்கிறோம். இங்கே சூரியனும் நிலவும் ஏறக்குறைய நேர் கீழாக மேற்கில் இறங்கும். மாலையில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே, நிலவு அதற்கு மேலே. வெளிச்சம் கீழிருந்து வருவதால் கீழ் ஓரம் வெளுக்கும். மாசி, பங்குனி மாதங்களில் பாருங்கள், தோணி நன்றாகவே மல்லாந்து கிடக்கும்.

பிள்ளைக்குக் காட்ட டோர்ச்சைத் தரையில் வைத்து மேல்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். பிள்ளை அதன் பக்கம் பார்த்து நின்று, பந்தைத் தன் முகத்துக்கு முன்னால், டோர்ச்சுக்கு மேலாகப் பிடிக்கட்டும். கீழே வெள்ளை, மேலே கறுப்பு. வலம் இடம் என்று மனனம் செய்வதைவிட "சூரியன் எங்கே?" என்று கேட்பது எங்கள் ஊருக்குப் பொருந்தும். பரீட்சைத் தாளில் புத்தகப் படத்தையே கீறட்டும், அதில் சண்டை பிடிக்க வேண்டாம்.

காத்தான்குடி, ஒரு உம்மா: சவூதியில பிறை கண்டாங்க, இங்க காணல்ல எண்டா மகள் விளங்காம கேட்கிறா. ஒரே நிலவுதானே?

ஒரே நிலவுதான், பார்க்கும் நேரம் வேறு. அமாவாசைக்குப் பிறகு நிலவு ஒவ்வொரு மணித்தியாலமும் சூரியனிலிருந்து ஏறக்குறைய அரைப் பாகை விலகுகிறது. அங்கே மஃரிப் வருவது நமக்கு இரண்டரை மணித்தியாலத்துக்கும் பிந்தி. அதற்குள் நிலவு ஒரு பாகைக்கு மேல் விலகிக் கோடும் சற்றுத் தடித்துவிடும். சில மாதங்களில் அந்தச் சிறு வித்தியாசம் போதும். மகளை டோர்ச் பக்கம் பார்த்து நிற்கவைத்து மிக மெதுவாக இடப்பக்கம் திரும்பச் சொல்லுங்கள். முதல் வெள்ளைக் கோடு எந்த இடத்தில் கண்ணுக்குப் படுகிறது என்று அவளே சொல்லட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறு இடத்தில் சொல்வாள், கண் கூர்மையும் ஒரு காரணம்தான். எந்த நாளில் மாதம் தொடங்குவது என்பது கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடி முடிவெடுப்பவர்களின் விஷயம். அதற்குள் நான் வரமாட்டேன்.

மட்டக்களப்பு நகர், பெயர் சொல்லாதவர்: பௌர்ணமிக்கு கல்லடிப் பாலத்தடியில மீன் பாடுறதும் இதாலதானா? எங்கட அப்பா தோணியில போய்க் கேட்டவராம்.

பந்தும் டோர்ச்சும் அதற்குப் பதில் சொல்லாது. பௌர்ணமி இரவில் நிலவு மாலையில் கடலில் உதித்து விடியும்வரை நிற்கும். அதனால் வாவியில் தோணி விட வசதி என்பது மட்டும் நிச்சயம். பாடுவது மீனா, மட்டியா, வேறு எதுவோ என்பதில் ஊரில் ஒத்த கருத்து இல்லை. அப்பா கேட்டதை எழுதி வையுங்கள்.

அக்கரைப்பற்று, ஆசிரியை: எங்கட வகுப்பறைக்கு அரைச் சுவர்தான் சேர். இருட்டாக்கவே ஏலாது. விட்டுவிடவா?

விடாதீர்கள். உங்களுக்கு டோர்ச்சே வேண்டாம். போயா கழிந்து ஐந்தாறு நாள் போகட்டும். காலை 8 மணிக்குக் கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளை வெயில் படும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். கடல் பக்கம் சூரியன் முதுகில் அடிக்கும். மேற்கே, தலை உச்சிக்கும் அடிவானத்துக்கும் இடையில், பாதியைவிடச் சற்றுப் பெரிதாய் வெளிறிய நிலவு இருக்கும். பகலில் நிலவு இருப்பதையே சில பிள்ளைகள் அன்றுதான் காண்பார்கள்.

களிமண் உருண்டையை நிலவுக்குப் பக்கத்தில் தெரியுமாறு கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் நிழல் உருண்டையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வானத்து நிலவில் எவ்வளவு வெள்ளையோ, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, உருண்டையிலும் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் வெளிச்சம் ஒரே சூரியனிலிருந்து, ஒரே திசையில் வருகிறது. இரண்டு நாள் விட்டு மறுபடி செய்தால் நிலவும் உருண்டையும் சேர்ந்தே மெலிந்திருக்கும்.

மாரியில் முகில் விடாது, கார்த்திகை, மார்கழியில் முயல வேண்டாம். சூரியனை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதே ஆசிரியை, மறுபடி: தரம் 3 பிள்ளைகளுக்கு இது விளங்குமா?

வெயிலில் உருண்டை பிடிப்பது விளங்கும். சுற்றித் திரும்புவதில் எனக்குச் சந்தேகம். தான் நிற்காத வேறு இடத்திலிருந்து ஒன்று எப்படித் தெரியும் என்று யோசிக்க அந்த வயதில் பலருக்குக் கஷ்டம், சிலருக்கு இலேசாக வரும். என்னோடு படிப்பித்த ஒரு மிஸ் தரம் 2இலேயே செய்யலாம் என்று இன்றும் வாதாடுவா. ஒரு மாதம் நிலவைப் பார்த்துக் கொப்பியில் கீறவிட்டு, அதற்குப் பிறகு பந்தைக் கொடுத்துப் பாருங்கள்.