விளையாட்டு வேளையை எடுத்துவிட்டால் மதிப்பெண் கூடுமா?

“தேர்வு நெருங்குவதால் மகளின் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பலன் இருக்குமா?”

அப்படி எதிர்பார்க்க ஆதாரம் குறைவு. 2009இல் சார்ல்ஸ் ஹில்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது பத்து வயதுக் குழந்தைகளை 20 நிமிடம் டிரெட்மில்லில் நடக்கவைத்து, இதயத்துடிப்பு தணிந்த பின் சோதித்தபோது, சும்மா அமர்ந்திருந்த நாளைவிடக் கவனச் சோதனையில் பிழைகள் குறைந்தன. வாசித்துப் புரிந்துகொள்வதும் மேம்பட்டது. ஆனால் இது உடனடிப் பலன் மட்டுமே. ஆண்டுத் தேர்வு மதிப்பெண் உயருமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. விளையாட்டு நேரத்தைக் கூட்டியதால் மதிப்பெண் சரிந்துவிடவில்லை என்பதே அவற்றில் பெரும்பாலும் தென்படுவது, எனக்கு அதுவே வலுவான வாதமாகப் படுகிறது.

முழு வேளையும் திரும்பக் கிடைக்காவிட்டால், கணக்குப் பாடத்துக்குச் சற்று முன்பாக 20 நிமிட விறுவிறு நடையையாவது கேளுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும்.