கதை சொன்னாரா, கதைச் சொன்னாரா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘என் பாட்டி’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதினாள். பிழை பார்க்கலாம் என்று சாட்பாட்டில் போட்டோம். அது நிறைய இடங்களைத் திருத்திக் கொடுத்தது. அப்படியே எழுதிக் கொண்டுபோனால், அதில் சிலவற்றைத் தமிழ் ஐயா சிவப்பு மையில் சுழித்துவிட்டு, “நீ முதலில் எழுதியதுதானம்மா சரி” என்கிறார். அது சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?
– ஒரு வாசகி, விருதுநகர்

அன்புச் சகோதரிக்கு,

மகள் முதலில் எழுதிய தாளையும் திருத்திய தாளையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதிலிருந்து ஒரு பத்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மகள் எழுதியது இது:

“மாலையில் பாட்டி கதை சொல்லுவார். நான் அதை கேட்டு கொண்டே தூங்கிவிடுவேன். மழை பெய்தால் வாசலில் கட்டில் போட முடியாது. அந்த கட்டிலின் கயிறு தேய்ந்து போய்விட்டது. பாட்டியின் சேலையில் எப்போதும் வெற்றிலைக் கரை இருக்கும்.”

சாட்பாட் இதில் 7 இடங்களை மாற்றியிருக்கிறது: கதைச் சொல்லுவார், அதைக், கேட்டுக்கொண்டே, மழைப் பெய்தால், அந்தக் கட்டிலின், தேய்ந்துப் போய்விட்டது, வெற்றிலைக் கறை. இவற்றில் அதைக், கேட்டுக்கொண்டே, அந்தக், கறை ஆகிய 4 திருத்தங்கள் சரி. மற்ற 3 தவறு. அந்த மூன்றுமே ஒற்று சம்பந்தப்பட்டவை என்பதைக் கவனியுங்கள்.

முதலில் அது நன்றாகச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். சேலைக்குக் கரை உண்டு. அதனால் ‘கரை’ என்பது பிழையான சொல்லே இல்லை. சொல்லை மட்டும் அகராதியோடு ஒப்பிடும் கருவி இதைத் தாண்டிப் போய்விடும். பக்கத்தில் வெற்றிலை இருப்பதைப் பார்த்து இது கறைதான் என்று கண்டுபிடித்தது சாட்பாட். ர–ற, ல–ள–ழ, ந–ன–ண குழப்பங்களிலும், ‘மரங்கள் சாய்ந்தது’ என்பதைச் ‘சாய்ந்தன’ என்று மாற்றுவதிலும் அதைப் பெரும்பாலும் நம்பலாம். சந்தேகம் வந்தால் அகராதியை ஒரு தடவை புரட்டினால் போதும்.

ஒற்று அப்படியல்ல. ‘கதைச் சொல்லுவார்’ ஏன் என்று கேட்டால், “இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும்” என்று அது காரணம் சொல்லும். விதி உண்மைதான். அதனால்தான் நாமும் ஏமாந்துபோகிறோம். ஆனால் ‘கதை’யில் வேற்றுமை உருபு எங்கே இருக்கிறது? கடைசியில் கேட்கும் ஐ, அந்தச் சொல்லோடு பிறந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். சொல்லிலிருந்து ஐ-யை எடுத்துப் பாருங்கள். ‘அதை’யில் எடுத்தால் ‘அது’ நிற்கிறது. ‘கட்டிலை’யில் எடுத்தால் ‘கட்டில்’ நிற்கிறது. அங்கே ஐ உருபு; வல்லினம் மிகும்: அதைக் கேட்டேன், கட்டிலைப் போட்டேன். ‘கதை’யிலும் ‘மழை’யிலும் ஐ-யை எடுத்தால் பொருளுள்ள சொல் எதுவும் நிற்காது. அப்படிப்பட்ட சொல்லுக்குப் பின்னால் வினை வந்தால் ஒற்று வேண்டாம்: கதை சொன்னார், மழை பெய்தது, தலை சீவினாள். பின்னால் பெயர் வந்து இரண்டும் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் மிகும்: மழைக்காலம், கதைப்புத்தகம், மேலே பார்த்த வெற்றிலைக் கறை. ‘கதையை’ என்று உருபு வெளிப்படையாக வந்துவிட்டால் ‘கதையைச் சொன்னார்’ என்று மறுபடி மிகும்.

ஓர் ஒற்று எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு ‘வேலை’ நல்ல எடுத்துக்காட்டு. ‘வேலை செய்தான்’ என்றால் உழைத்தான். ‘வேலைச் செய்தான்’ என்றால் வேல் ஒன்றைச் செய்து முடித்தான். இங்கே ஐ-யை எடுத்தாலும் ‘வேல்’ என்ற சொல் நிற்கிறது. ஆகவே சோதனையோடு நிறுத்தாமல் வாக்கியத்தின் பொருளையும் பார்க்க வேண்டும். மகளுக்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், அப்புறம் மறக்க மாட்டாள்.

மூன்றாவது தவறு ‘தேய்ந்துப் போய்விட்டது’. ‘கேட்டுக்கொண்டே’ சரியென்றால் ‘தேய்ந்துப் போய்’ மட்டும் ஏன் தவறு? கடைசி எழுத்துக்கு முன்னால் என்ன மெய் இருக்கிறது என்று பாருங்கள். கேட்டு, எடுத்து, விற்று: ட், த், ற் என்று வல்லின மெய். இங்கே மிகும்: கேட்டுப் பார், எடுத்துக் கொடு, விற்றுப் போனது. வந்து, நின்று, தேய்ந்து: மெல்லின மெய். செய்து: இடையின மெய். இவற்றுக்குப் பின் மிகாது: வந்து போனான், நின்று பார்த்தாள், செய்து கொடுத்தார்.

இவ்வளவு பேசும் கருவி இதில் ஏன் தடுக்கி விழுகிறது? அது விதியை வைத்து ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்து, எந்த எழுத்துக்குப் பின் எது வரக்கூடும் என்று பழகியிருக்கிறது. நாம் இணையத்தில் எழுதும் தமிழில் ஒற்று தேவையான இடத்தில் இருக்காது, தேவையில்லாத இடத்தில் இருக்கும். அதைப் படித்து வளர்ந்தது வேறெப்படி இருக்கும்? “நிச்சயமா?” என்று கேட்டும் பயனில்லை. சரியான திருத்தத்தைக்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மாற்றிவிடும். நன்னூல் நூற்பா எண்ணோடு காரணம் சொன்னாலும் மூல நூலைப் பார்க்காமல் நம்ப வேண்டாம். இல்லாத நூற்பாவை அது சொல்வதுண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் நன்னூல் இருக்கிறது.

இனி கட்டுரையை மொத்தமாகக் கொடுத்து “திருத்து” என்று சொல்லாதீர்கள். சொன்னால் பிழையோடு சேர்த்து மகளின் நடையையும் மாற்றிவிடும். ஒவ்வொரு பத்தியாகக் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: “இந்தப் பத்தியை மாற்றி எழுதாதே. பிழை என்று கருதும் சொல், திருத்தம், காரணம் மூன்றையும் மட்டும் வரிசையாகச் சொல்.” வரும் வரிசையில் எழுத்துப்பிழைகள் ஒரு பக்கம், ஒற்றுகள் ஒரு பக்கம் என்று மகளே பிரிக்கட்டும். ஒற்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஏன் மிகும் அல்லது மிகாது என்று பென்சிலில் எழுதட்டும். காரணம் எழுத முடியாத திருத்தத்தை ஏற்க வேண்டாம். வல்லினம் மிகும் இடங்களும் மிகா இடங்களும் அவளுடைய ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலேயே இருக்கின்றன. இன்னொரு கருத்து வேண்டுமென்றால் ‘நாவி’ என்ற சந்திப்பிழை திருத்தியிலும் போட்டுப் பாருங்கள். அது இலக்கண விதிகளை வைத்துச் செயல்படுவது. இரண்டும் முரண்படும் இடங்களை மட்டும் தமிழ் ஐயாவிடம் கொண்டுபோகலாம்.

இரண்டாம் பக்கத்தில் பாட்டி பேசுவதாக “கண்ணு, வெளக்க ஏத்து” என்று மகள் எழுதியிருக்கிறாள். சாட்பாட் அதை “கண்ணே, விளக்கை ஏற்று” ஆக்கிவிட்டது. அதைத் தயங்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள். மேற்கோள் குறிக்குள் இருப்பது பாட்டியின் பேச்சு. அது அவர் பேசியபடியே இருக்க வேண்டும்.

கோயில்–கோவில், வாழ்த்துகள்–வாழ்த்துக்கள் போன்றவற்றில் தமிழறிந்தவர்களிடமே இரு தரப்பு உண்டு. சாட்பாட் ஒரு நாள் ஒன்றைச் சொல்லும், மறுநாள் மற்றதைச் சொல்லும். அங்கெல்லாம் பாடநூலில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதட்டும். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.