ஒரு கிலோ நெய்க்கு எத்தனை லீற்றர் பால்?

"20 லீற்றர் பசும்பாலுக்கு ஒரு கிலோ நெய் என்று விலை போட்டேன், நட்டம் வருகிறது, எங்கே பிழை அண்ணை?"

தம்பி, 20 லீற்றர் என்பது 5 வீதத்துக்கு மேல் கொழுப்புள்ள பாலுக்குத்தான் பொருந்தும். நெய் முழுக்கக் கொழுப்பு, அதனால் பாலின் கொழுப்பு வீதம் தெரியாமல் விலை போடவே கூடாது, பால் சேகரிக்கும் இடத்தில் சோதித்துச் சொல்லுவார்கள். உங்கள் பால் 3.5 வீதம் என்று வையுங்கோ, ஒரு லீற்றர் ஏறக்குறைய 1.03 கிலோ, அதில் கொழுப்பு 36 கிராம். கிலோவுக்கு 28 லீற்றர். ஆனால் கொஞ்சக் கொழுப்பு மோரோடும் கசண்டோடும் போய்விடும், பத்திலொரு பங்கு கழித்தால் 31 லீற்றர் வரும். மோர் வெளுப்பாக, தடிப்பாக இருந்தால் இழப்பு இன்னும் கூட, அப்போது தயிரைக் குளிரவைத்துக் கடையுங்கோ. அப்புறம், மோர் விற்ற காசைப் பால் செலவில் கழிக்க மறக்காதேயுங்கோ.