கிரிப்டோவில் காசு தருகிறேன் என்றால் வாங்கலாமா?

“ஐயா, உப்புவெளி கடற்கரைப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஸ்நோர்க்கல் சாமான் வாடகைக்குக் கொடுப்பேன், புறாத்தீவுக்குப் படகு ஒழுங்கு செய்வேன், சாரம், தொப்பி, குளிர்பானமும் உண்டு. இந்த சீசனில் நாலைந்து வெளிநாட்டுக்காரர் ‘கிரிப்டோவில் தரலாமா’ என்று கேட்டுவிட்டார்கள். வாங்கினால் அதை எப்படி ரூபாவாக்குவது? காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை என்கிறார்களே, நட்டப்படாமல் தப்ப வழி உண்டா?”

தம்பி, வழி உண்டு. நீங்கள் பயப்படுகிற விலை ஏற்ற இறக்கத்தை அடக்குவது சுலபம். நீங்கள் கேட்காத ஒரு இடத்தில்தான், அதாவது ரூபாவாக மாற்றும் இடத்தில்தான், கடைக்காரர்கள் கூடுதலாக அடிபடுகிறார்கள். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் சட்ட நிலைமை. கிரிப்டோ இங்கே சட்டபூர்வ நாணயம் அல்ல, கிரிப்டோ பரிமாற்றுத் தளம் நடத்தத் தான் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி பல தடவை பொது அறிவித்தல் விட்டிருக்கிறது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021 இல் வந்த பணிப்புரைப்படி, வங்கிக் காட்டைக் கொண்டு கிரிப்டோவுக்குக் காசு கட்டவும் முடியாது. கடைக்காரருக்கு இதன் பொருள் இதுதான்: காசு தவறினால் போய் முறையிட ஒரு கந்தோர் இல்லை. அதனால் வாங்குங்கள், ஆனால் சீசன் வியாபாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த வழியில் வரவிடாதீர்கள். அது என் சொந்த அளவுகோல்.

இனி விலைக்கு வருவோம். பிட்கொயின் 2021 நவம்பரில் கிட்டத்தட்ட 69,000 டொலர் வரை போனது. அடுத்த வருட நவம்பரில் 16,000 க்கும் கீழே வந்தது. ஆனால் உங்களுக்கு அந்த ஒரு வருடக் கதையை விட ஒரு இரவுக் கதைதான் முக்கியம். ஒரு குடும்பத்துக்குப் படகும் சாமானும் சேர்த்து 24,000 ரூபா பில் என்று வைப்போம். படகுக்காரருக்கும் எண்ணெய்க்கும் போக, உங்கள் கையில் நிற்பது 4,800 என்று வைப்போம். பிட்கொயினில் வாங்கி அப்படியே போனில் விட்டுவிட்டுப் படுக்கிறீர்கள். விடியும்போது விலை 8 வீதம் இறங்கியிருக்கிறது. பிட்கொயினுக்கு அது பெரிய அதிசயம் இல்லை. 1,920 ரூபா போய்விட்டது. பில்லோடு பார்த்தால் 8 வீதம், உங்கள் லாபத்தோடு பார்த்தால் 40 வீதம். படகுக்காரருக்குக் கொடுக்க வேண்டியது ஒரு சதமும் குறையாது. ஏறினால் லாபம்தானே என்று கேட்பீர்கள். ஏறலாம். ஆனால் நாளைக்குப் படகுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசை வைத்து அந்த விளையாட்டு வேண்டாம்.

ஆகவே விலைப் பலகையில் ரூபாதான் இருக்க வேண்டும். “இத்தனை பிட்கொயின்” என்று ஒருநாளும் எழுதி வைக்காதீர்கள். முதல் சீசனில் USDT மட்டும் வாங்குங்கள். அது ஒரு டொலருக்கு ஒன்று என்று கட்டிவைத்த நாணயம், அதனால் இரவில் 8 வீதம் சரிவது இதில் வழக்கம் இல்லை. இப்படிக் கட்டிவைத்தவை எல்லாம் உறுதியானவை என்றும் நினைக்க வேண்டாம். 2022 மே மாதம் டெரா என்ற கிரிப்டோத் திட்டத்தின் டொலர் நாணயம் ஒரே வாரத்தில் உடைந்து போனது. 2023 மார்ச்சில் டொலரோடு கட்டிய இன்னொரு நாணயமான USDC கூட ஓரிரு நாள் 90 சதத்துக்கும் கீழே போய்த்தான் திரும்பியது. ஆகவே USDT ஐயும் சேமிப்பாக வைக்காமல், ஒரு வாரம் தங்கிப் போகும் இடமாக மட்டும் வையுங்கள்.

“டொலர்தானே, வைத்திருந்தால் ரூபா விழும்போது லாபம்” என்று கடைத்தெருவில் சொல்வார்கள். 2022 இல் அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் 2023 தொடக்கத்தில் 360 ஐ ஒட்டி நின்ற டொலர், அந்த வருட நடுவில் 300 ஐ ஒட்டி இறங்கியதையும் நாம் பார்த்தோம். அன்று டொலரைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு ஆறில் ஒரு பங்கு போனது. உங்கள் வாடகை, சம்பளம், கடன் எல்லாம் ரூபாவில்தான் இருக்கின்றன.

சரி, வாங்கும் முறை. போனில் கிரிப்டோவை வைக்கும் செயலியான வொலட் ஒன்றைத் திறந்து, ட்ரொன் வலையமைப்பில், அதாவது TRC20 என்று திரையில் வருவதில், USDT வாங்கும் முகவரியை QR ஆக அச்சிட்டு மேசையில் வையுங்கள். அந்த முகவரி T என்ற எழுத்தில் தொடங்கும். வாடிக்கையாளர் அனுப்பும் வலையமைப்பும் TRC20 தானா என்று அவர் திரையைப் பார்த்துக் கேளுங்கள். வேறு வலையமைப்பில் போன காசை மீட்பது பெரும்பாடு. அனுப்பியதும் அவர் தன் போனைக் காட்டி “போய்விட்டது” என்பார். அதைப் பார்க்காதீர்கள், உங்கள் வொலட்டைப் பாருங்கள். ஒரு நிமிடமளவில் உறுதியாகிவிடும். சாமானை அதற்குப் பிறகு கொடுங்கள்.

இங்கே ஒரு மோசடி உண்டு. USDT என்று பெயர் மட்டும் போட்ட போலி டோக்கனை அனுப்புவார்கள். வொலட்டில் தொகை அப்படியே தெரியும், விற்கப் போனால் ஒரு சதமும் தேறாது. tronscan.org இல் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, டோக்கன் ஒப்பந்த முகவரியைப் பாருங்கள். உண்மையான USDT என்றால் இதுதான் இருக்கும்:

```
TR7NHqjeKQxGTCi8q8ZY4pL8otSzgjLj6t
```

இதை ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வையுங்கள். வொலட் திறக்கும்போது அது தரும் 12 சொற்கள்தான் காசின் சாவி, அவற்றை மட்டும் கடையில் வைக்காதீர்கள், போனில் படமெடுத்தும் வைக்காதீர்கள். கடையில் நிற்கும் பொடியனுக்கு QR தாளும், அந்த முகவரியை tronscan இல் பார்க்கும் வழியும் போதும். முகவரியைக் கொண்டு பார்க்கலாம், காசை எடுக்க முடியாது. காலையில் கடை திறக்கும்போது அந்த QR உங்களுடையதுதானா என்று ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவதற்கு ஒரு நிமிடம் போதும்.

அப்புறம் ரூபாவாக்குவது. வொலட்டில் இருந்து பரிமாற்றுத் தளத்தில் உள்ள உங்கள் கணக்குக்கு USDT ஐ அனுப்ப வேண்டும். இதற்கு வொலட்டில் ட்ரொன் வலையமைப்பின் சொந்த நாணயமான TRX கொஞ்சம் இருக்க வேண்டும், கட்டணம் அதில்தான் கழியும். இதைத் தெரியாமல் “காசு இருக்கிறது, அனுப்ப முடியவில்லை” என்று என்னிடம் வந்தவர்கள் பலர். கட்டணம் தொகையைப் பார்க்காது. 80 டொலருக்கும் 800 டொலருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு விற்பனைக்கும் மாற்றாமல் வாரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

கணக்கைப் பாருங்கள். டொலர் 300 ரூபா, அனுப்பும் கட்டணம் 3 டொலர், தளத்தில் வாங்குபவர் தரும் விலை 297 என்று வைப்போம். 24,000 ரூபா பில், அதாவது 80 USDT ஐத் தனியாக மாற்றினால் கையில் 22,869 வரும். கிட்டத்தட்ட 4.7 வீதம் போய்விடும். அதே போல நாலு பில்லைச் சேர்த்து 320 USDT ஆக மாற்றினால் 94,149 வரும், இழப்பு 1.9 வீதம். உங்கள் காட் மெஷினுக்குக் கொடுக்கும் கட்டணத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காட் மலிவு என்று தெரிந்தால், காட் வைத்திருக்கும் ஆளிடம் காட்டிலேயே வாங்குங்கள்.

இனித்தான் நான் முதலில் சொன்ன இடம். தளத்தில் ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் P2P என்ற பகுதியில் உங்கள் USDT ஐத் தளம் பிடித்து வைத்துக்கொள்ளும். வாங்குபவர் உங்கள் வங்கிக் கணக்குக்கு ரூபா போடுவார். வந்தது என்று நீங்கள் அழுத்தினால் USDT அவருக்குப் போகும். பார்க்க ஒழுங்கான முறைதான். திருகோணமலை நகரில் கடை வைத்திருக்கும் ஒருவர், என்னிடம் கணக்குப் பார்ப்பவர், இப்படி ஒரு லட்சம் சொச்சம் மாற்றினார். காசு சரியாக வந்தது. ஆனால் அனுப்பிய கணக்கின் பெயரும் தளத்தில் இருந்த பெயரும் வேறு. “அக்காவின் கணக்கு” என்றார்கள், இவரும் விட்டுவிட்டார். மூன்று கிழமையில் வங்கி அவர் கணக்கை முடக்கியது. அந்தக் காசு யாரையோ ஏமாற்றி எடுத்த காசு, பறிகொடுத்தவர் பொலிஸில் முறையிட்டிருந்தார். அதே கணக்கில்தான் கடையின் அன்றாட வரவும், மொத்த வியாபாரிக்கு எழுதிய காசோலைகளும் இருந்தன. ஒரு காசோலை திரும்பியது. தான் குற்றமற்றவர் என்று காட்ட அவருக்கு மாதக்கணக்கானது. அந்த மனிதர் வங்கி வாசலில் நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் உங்களுக்கு மன்றாடிச் சொல்கிறேன்: பெயர் பொருந்தாத காசு வந்தால் USDT ஐ விடுவிக்காதீர்கள். தளத்திலேயே முறைப்பாடு போட்டு, காசைத் திருப்பி அனுப்பும் வழியை அவர்கள் முன்னிலையில் செய்யுங்கள். “வட்ஸ்அப்புக்கு வாருங்கள்”, “அவசரம், முதலில் விடுவியுங்கள்” என்பவர்களோடு வியாபாரம் வேண்டாம். காசு வந்ததா என்பதை எஸ்எம்எஸ்ஸில் நம்பாமல், வங்கிச் செயலியைத் திறந்து மீதியைப் பாருங்கள். எஸ்எம்எஸ் போலியாக வரும். இந்த வேலைக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, வந்த காசைக் கடைக் கணக்குக்கு மாற்றும்போது பற்றுச்சீட்டு இலக்கங்களைக் குறித்து வையுங்கள். கிளை முகாமையாளரிடம் என்ன வியாபாரம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அதை முதலே தெரிந்துகொள்வது நல்லது.

ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு கொப்பியில் திகதி, பில் இலக்கம், ரூபாத் தொகை, USDT தொகை, பரிவர்த்தனை இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். கணக்காளரிடம் போகும்போது அன்றைய ரூபாத் தொகைதான் உங்கள் விற்பனை வருமானம். வங்கி கேள்வி கேட்டாலும் காட்ட இருப்பது அந்தக் கொப்பிதான்.

கடைசியாக, படகுக்கு முற்பணம் வாங்குகிறீர்கள் என்றால் ஒன்று. கடல் கொந்தளித்துப் பயணம் ரத்தானால் வாடிக்கையாளர் “நான் தந்த USDT ஐத் தா” என்பார். அதற்குள் நீங்கள் ரூபாவாக்கியிருப்பீர்கள். பில்லிலேயே “திருப்பிக் கொடுப்பது ரூபாவில், பில் தொகைப்படி” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, காசு வாங்கும் முன் அவருக்குக் காட்டிவிடுங்கள்.