வெண்டார் ஆடிட்: இந்த தடவை வந்த நாலு கேள்வி

அக்ரிமெண்ட்ல ரைட் டு ஆடிட் இருக்கு சார், ஆனா ஹவுஸ்கீப்பிங் வெண்டார் சம்பள ரெஜிஸ்டர் தர மாட்டேங்கிறார். "அது எங்க இன்டர்னல்"ங்கிறார். என்ன பண்றது?

நீங்க அனுப்புன க்ளாஸ பாத்தேன், "கம்பெனி தேவைப்பட்டா ஆடிட் செய்யலாம்"னு ஒரே வரி. எந்த ரெக்கார்ட், எத்தனை நாள் நோட்டீஸ், எத்தனை வருஷம் பத்திரமா வச்சிருக்கணும், செலவு யாரோடதுன்னு எதுவுமே இல்ல, அப்ப அவர் மறுக்கத்தான் செய்வார். ரினீவல்ல மஸ்டர் ரோல், வேஜ் ரெஜிஸ்டர், பேங்க் டிரான்ஸ்ஃபர் ஸ்டேட்மெண்ட், ஆள்வாரியா பிஎஃப் கணக்கு காட்டுற இசிஆர், இஎஸ்ஐ சலான்னு பேர் சொல்லியே எழுதுங்க. அவர் சப்-கான்ட்ராக்ட் விட்டா அவங்களுக்கும் இது பொருந்தும்னு சேத்துக்கோங்க. பேங்க்ல இருக்கீங்கன்னா ஐடி வேலைய வெளிய குடுக்குறதுக்கு ரிசர்வ் வங்கி விதிகள்லயே இந்த ஆடிட் உரிமை இருக்கு, கெஞ்ச வேண்டியதில்ல.

இப்போதைக்கு ஒரு வழி இருக்கு, மாச பில்லோட இந்த பேப்பர் வந்தாதான் பேமெண்ட்னு பர்ச்சேஸ் ஆர்டர்ல போட்டு அவர் கையெழுத்த வாங்கிடுங்க. என் அனுபவத்துல க்ளாஸ விட இதுக்குத்தான் பதில் சீக்கிரம் வரும்.

பேப்பர் எல்லாம் வருது, ஆனா அத வச்சு என்ன பாக்கணும்னு தெரியல. 40 பேருக்கு பில் வருது.

இத கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா முக்கால்வாசி பேர் சலான்ல சீல் இருக்கான்னு பாத்துட்டு டிக் அடிச்சிடுறாங்க. நான் பாத்த ஒரு கேஸ், 30 நாள் மாசம், 40 பேர் 26 நாள்னு 1,040 மேன்டேஸ்க்கு பில், ரேட் 650. நம்ம கேட் பஞ்சிங்ல எடுத்தா 962 டியூட்டிதான் இருந்துச்சு. 78 குறையுது, அதாவது 50,700 ரூபா ஜாஸ்தி பில். பெரும்பாலும் இதோட நிறுத்திட்டு டெபிட் நோட் போட்டுடுவாங்க.

அடுத்து இசிஆர்ல நம்ம சைட் ஆளுங்கள அவங்க பிஎஃப் நம்பரான யுஏஎன் வச்சு தேடுனா 31 பேர்தான். 31 பேர் ஒரு நாள் கூட லீவே போடாம வந்தாலும் 930 டியூட்டிதான் ஆகும், இங்க 962 இருக்கே? அப்ப ஒண்ணு டபுள் டியூட்டி பாத்திருக்காங்க, இல்ல பிஎஃப்லயே இல்லாத ஆளுங்க உள்ள வந்து போறாங்க. வெண்டார்கிட்ட கேட்டா "அவங்க சம்பளம் 15,000க்கு மேல, பிஎஃப் வராது"ன்னு சொல்லுவார். புதுசா சேரும்போதே சம்பளம் அதுக்கு மேல இருந்து, முன்னாடி எங்கயும் பிஎஃப் மெம்பரா இல்லாதவங்களுக்குத்தான் அது செல்லும், அதனால சேரும்போது அவங்க எழுதிக் குடுத்த பிஎஃப் டிக்ளரேஷன், ஃபார்ம் 11 கேளுங்க. இங்க ஆறு பேருக்கு ஃபார்மும் இல்ல, வேஜ் ரெஜிஸ்டர்ல பேரும் இல்ல. நாளைக்கு அவங்க சம்பளம் வரலன்னு வந்து நின்னா பிரின்சிபல் எம்ப்ளாயர்னு நம்ம தலையிலதான் விடியும்.

இன்னொண்ணு, ஒரே பிஎஃப் கோட்ல வெண்டாரோட எல்லா கிளையன்ட் ஆளுங்களும் இருப்பாங்க, அதனால சலான் தொகைய மட்டும் பாத்தா எதுவும் புரியாது. சலான் நிஜமா கட்டுனதான்னு டிஆர்ஆர்என் நம்பர் போட்டு இபிஎஃப்ஓ சைட்லயே பாத்துக்கலாம். இசிஆர்ல நம்ம சைட் பேர் 40க்கு மேல இருந்தா பதறாதீங்க, ரிலீவர் இருப்பாங்க. கம்மியா இருந்தாதான் சந்தேகப்படணும்.

பேரோல் சாஃப்ட்வேர் வெண்டார் மாசாமாசம் எஸ்எல்ஏ 99.5 தாண்டிட்டோம்னு ரிப்போர்ட் அனுப்புறார், ஆனா சம்பள நாள்ல சிஸ்டம் படுத்துடுதே?

ரிப்போர்ட் பொய்யா இருக்கணும்னு அவசியமில்ல, கடிகாரம் அவர் கையில இருக்கு, அவ்வளவுதான். 720 மணி நேர மாசத்துல 99.5 சதவீத நேரம் சிஸ்டம் ஓடணும்னு எஸ்எல்ஏல ஒத்துக்கிட்டிருந்தா 3 மணி 36 நிமிஷம் டவுன் ஆகலாம். உங்க பதிவுப்படி மொத்தம் 5 மணி 10 நிமிஷம் படுத்திருக்கு, அது 99.28 தான். அவர் டிக்கெட் போட்டதுக்கு அப்புறம்தான் எண்ண ஆரம்பிக்கிறார், அதுல 50 நிமிஷம் போச்சு, "கஸ்டமர் பதிலுக்காக வெயிட்டிங்"னு வச்ச 1 மணி 40 நிமிஷத்தையும் கழிச்சிட்டார், மிச்சம் 2 மணி 40, 99.63 ஆயிடுச்சு. நேரம் எப்ப ஆரம்பிக்குது எப்ப நிக்குதுன்னும், சம்பளம் போடுற மூணு நாளுக்கு தனி கணக்குன்னும் அக்ரிமெண்ட்ல எழுதணும். எஸ்எல்ஏ தவறுனா பில்லுல கழிச்சுக்குற சர்வீஸ் க்ரெடிட் இத்தனை நாளுக்குள்ள கேட்டாதான் கிடைக்கும்னு பல அக்ரிமெண்ட்ல ஒரு வரி ஒளிஞ்சிருக்கும், அதையும் தேடிப் பாருங்க.

வெண்டார் சாக் 2 ரிப்போர்ட் குடுத்துட்டார், நாம தனியா ஆடிட் பண்ணணுமா?

சாக் 2ங்கிறது வெண்டாரோட டேட்டா பாதுகாப்பு கன்ட்ரோல வெளி ஆடிட்டர் பாத்து குடுக்குற ரிப்போர்ட், அது டைப் 1 ஆ டைப் 2 ஆன்னு முதல்ல பாருங்க. டைப் 1 அந்த ஒரு தேதியில கன்ட்ரோல் இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும், ஒரு காலம் முழுக்க வேலை செஞ்சுச்சான்னு டைப் 2லதான் தெரியும். அப்புறம் பீரியட் எப்ப முடியுது, சர்வர் வச்சிருக்கிற கம்பெனிய சேத்தாங்களா ஒதுக்கிட்டாங்களா, கிளையன்ட் செய்ய வேண்டியதுன்னு ஒரு லிஸ்ட் போட்டிருப்பாங்களே அத நீங்க செய்றீங்களா, இந்த மூணையும் பாருங்க. வேலைய விட்டு போனவரோட லாகின எடுக்கிறது அனேகமா அந்த லிஸ்ட்ல இருக்கும், அத வெண்டார் பாத்துக்குவார்னு நீங்க நினைச்சிட்டு இருப்பீங்க.