அம்மாவின் மீன்குழம்பு என்ன பிழை செய்தது?

கேள்வி: தக்கலையில் வசிக்கிறேன். நாளுக்கு 1,800 கலோரி என்பது என் இலக்கு. மாதம் ஒருமுறை அலுவலக வேலையாகத் திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாக பிராங்க்பர்ட்டுக்கு நான்கு நாள் பயணம். விமானத்திலும் ஹோட்டலிலும் கணக்குத் தவறுகிறது. திரும்பியதும் எடை இரண்டு கிலோ கூடியிருக்கும். அம்மா மீன்குழம்பு வைத்திருந்தாலும் இரண்டு நாள் சாலட் மட்டும் சாப்பிட்டுச் சரிசெய்கிறேன். பயணத்தில் இலக்கைக் காப்பது எப்படி?

பதில்: தம்பி, அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது ஒரே ஒரு வரிதான், ஆனால் உங்கள் தவறு முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிகையாக வேண்டும். நான்கே நாளில் இரண்டு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், உடம்பு செலவழிப்பதற்கு மேல் தினமும் இன்னொரு 3,850 கலோரி உண்டிருக்க வேண்டும், நீங்கள் அப்படி உண்ணவில்லை. விமானத்தில் நாக்குக்கு உப்புச் சுவை மங்குவதால் அந்த உணவில் உப்பு தூக்கலாக இருக்கும். ஹோட்டல் உணவும் அப்படித்தான். அந்த உப்பு பிடித்து வைத்த நீரைத்தான் உங்கள் எடைக்கருவி பெரும்பாலும் காட்டுகிறது. அந்த நீருக்காகப் பெற்றவள் வைத்த குழம்பை ஒதுக்குவதை நான் கட்டுப்பாடு என்று சொல்லமாட்டேன். ஒரு கோப்பைச் சோறு, இரண்டு துண்டு அயிலை, தேங்காய் அரைத்த குழம்பு எல்லாம் சேர்ந்தாலும் 500 கலோரியை ஒட்டித்தான் வரும், அது உங்கள் இலக்குக்குள் தாராளமாக அடங்கும்.

கணக்கு உண்மையில் தவறுவது போகும் நாளில். பிராங்க்பர்ட் நேரம் நமக்குப் பின்னால் இருப்பதால் அந்த ஒரு நாள் ஏறக்குறைய 28 மணி நேரமாக நீள்கிறது, அதற்குள் வீட்டுச் சாப்பாடு, முதல் விமானத்தின் தட்டு, வளைகுடா விமான நிலையத்தில் ஏதோ ஒன்று, இரண்டாவது விமானத்தின் தட்டு, ஹோட்டலில் இரவுணவு என்று ஐந்து வேளை நுழைந்துவிடுகிறது. வெண்ணெய், பன், இனிப்பு சேர்ந்த ஒரு தட்டே 700 கலோரியை நெருங்கும். ஆகவே வீட்டில் இரவு வயிறாரச் சாப்பிட்டுப் புறப்பட்டு, முதல் விமானத்தில் தட்டு வேண்டாமென்று சொல்லி உறங்குங்கள். இடையில் பசித்தால் கையில் கொண்டுபோன ஓர் ஏத்தன்பழம் போதும். இரண்டாவது விமானத்துக்கு, புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே முன்பதிவுப் பக்கத்தில் குறைந்த கலோரி உணவைக் கேட்டுவிடுங்கள், பல நிறுவனங்களில் அது LCML என்றிருக்கும்.

ஹோட்டலில் காலையுணவை அவித்த முட்டை, தயிர், முழுப்பழம் என்று வைத்துக்கொண்டு பழச்சாற்றை விட்டுவிடுங்கள். இரவில் குழம்பையும் சாஸையும் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி.

வீடு திரும்பியபின் நான்காம் நாள் காலைவரை எடைக்கருவியில் ஏறாதீர்கள். அடுத்த முறை வந்திறங்கும் நாளை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி, என்ன மீன் வாங்க வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.